சலரோகமும் சுருட்டும்: கால் பார்க்கிற மேசையில் அடிக்கடி கேட்கிற கேள்விகள்

"நாலு சுருட்டுத்தான் பத்துறன். சீனியும் கட்டுப்பாட்டிலதான் இருக்கு. பிறகென்ன?"

சீனி ரிப்போட்டில் இருக்கிற இலக்கம் இரத்தத்தில் எவ்வளவு சீனி ஓடுகிறது என்பதைச் சொல்லும், அந்த இரத்தம் கால் விரல் நுனிவரை போய்ச் சேருகிறதா என்பதைச் சொல்லாது. இரண்டும் வேறு வேறு. நான் ஒரு தாதி, பல வருடமாகச் சலரோகக்காரரின் கால் காயங்களுக்கு மருந்து கட்டுகிறேன். மேசையில் வந்து காலை நீட்டுகிறவர்களில், கடந்த மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டுகிற எச்பிஏ1சியை ஏழுக்குள் வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் பலரிடம் சட்டைப் பையைக் கேட்டால் ஒரு கட்டுச் சுருட்டோ சிகரெட் பெட்டியோ வெளியே வரும்.

என் பெரியப்பா அப்படித்தான். 61 வயது, செம்பாட்டு மண்ணில் வெங்காயமும் புகையிலையும் வைத்தவர், சலரோகம் வந்து 11 வருடம், மெட்போர்மின் தவறாமல் போடுவார், எச்பிஏ1சி 6.9. ஊரில் "சீனியைச் சரியாய் வைச்சிருக்கிற மனுசன்" என்று பெயர். பதினெட்டு வயதிலிருந்து ஒரு நாளைக்கு நாலு சுருட்டு. அவருடைய காலைப் பற்றித்தான் கீழே பல இடத்தில் சொல்லப்போகிறேன், அவரே சொல்லச் சொன்னார்.

"சிகரெட் பத்தினவுடனே சீனி ஏறுமெண்டு சொல்லுறது உண்மையோ?"

உண்மை. நிக்கோட்டின் உள்ளே போனதும் உடம்பு ஏதோ ஆபத்து வந்துவிட்டது என்று நினைத்து அட்ரினலின் போன்ற ஓமோன்களை விடுகிறது, அவை ஈரலைத் தட்டிச் சேமித்து வைத்த சீனியை இரத்தத்துக்குள் ஊற்றச் சொல்கின்றன, அதே நேரம் தசைகள் இன்சுலினின் சொல்லைக் கேட்கிறதும் குறைகிறது. ஒரு தரம் பத்தினால் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். ஆனால் காலை எழும்பினவுடன் ஒன்று, சாப்பிட்டபின் ஒன்று, பின்னேரம் ஒன்று, படுக்கமுன் ஒன்று என்றால் அது அடங்குவதற்கு இடமே கிடைக்காது. அதனால்தான் புகைக்கிறவர்களுக்கு அதே சீனி அளவைப் பிடிக்கக் கூடுதல் மருந்து தேவைப்படுகிறது, இன்சுலினும் கூடத்தான்.

இன்னொன்று. புகைக்கிறவர்கள் பார்வைக்கு மெலிவாக இருப்பார்கள், ஆனால் கொழுப்பு கை கால்களில் குறைந்து வயிற்றுக்குள் கூடும். சாரத்தை இடுப்பில் கட்டும்போது வயிறு முன்னுக்கு வருகிற ஒல்லி ஆட்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த வயிற்றுக் கொழுப்புத்தான் இன்சுலினைக் கேட்காத கொழுப்பு. சலரோகமே இல்லாத ஒருவர் புகைத்தால் அவருக்கு இரண்டாம் வகைச் சலரோகம் வருகிற வாய்ப்பு, புகைக்காதவரைவிட 30 முதல் 40 சதவீதம் அதிகம் என்று அமெரிக்க சுகாதாரத் துறையின் 2014 அறிக்கை சொல்கிறது, எண்ணிக்கை கூடக்கூட இதுவும் கூடும். ஆகவே வீட்டில் அப்பாவுக்குச் சலரோகம் இருந்து மகன் புகைக்கிறார் என்றால் அந்த மகனுக்கும் ஒருதரம் சீனி பார்த்துவிடுங்கள்.

சின்ன விஷயம், ஆனால் பலரும் செய்கிற பிழை: வெறுவயிற்றுச் சீனி எடுக்கப் போகிற வழியில் பத்திவிட்டுப் போகாதீர்கள். தேத்தண்ணி குடிக்காமல் போவதைப் போலத்தான் இதுவும்.

"கால் விறைக்கிறது சலரோகத்தாலதானே, அதுக்கும் புகைக்கும் என்ன?"

நரம்புக்கும் சாப்பாடு வேண்டும். காலின் நீளமான நரம்பு ஒவ்வொன்றையும் சுற்றி மயிரைவிட மெல்லிய இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன, அவைதான் நரம்புக்கு ஒட்சிசன் கொடுப்பவை. சீனி பல வருடமாக அந்தக் குழாய்களின் சுவரைத் தடிப்பாக்குகிறது, நரம்பையும் நேரடியாகக் கெடுக்கிறது. நிக்கோட்டின் அதே குழாய்களை ஒவ்வொரு தரமும் இறுக்கிப் பிடிக்கிறது. புகையில் வருகிற காபனோரொட்சைட்டு இன்னும் மோசம், அது இரத்தத்தின் ஈமோகுளோபினை ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும், அதனால் போய்ச் சேருகிற கொஞ்ச இரத்தமும் ஒட்சிசன் குறைந்த இரத்தமாகத்தான் போகும். இடுப்பிலிருந்து மிகத் தூரத்தில் இருப்பது கால் விரல், அதனால் பாதிப்பு அங்கேதான் முதலில் தெரிகிறது.

விறைப்பு என்று எல்லோரும் ஒரே சொல்லைச் சொன்னாலும் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். சிலருக்கு இரவில் உள்ளங்கால் எரியும், சிலருக்கு ஊசி குத்துவது போல, சிலர் "பஞ்சில நடக்கிற மாதிரி" என்பார்கள். எரிகிறவர்கள் டொக்டரிடம் போகிறார்கள், ஒன்றும் தெரியாதவர்கள் போகிறதில்லை, ஆனால் ஆபத்து ஒன்றும் தெரியாத காலுக்குத்தான் அதிகம். நோ என்பது ஒரு காவல்காரன், அது போய்விட்டால் செருப்புக்குள் ஒரு சிறு கல் இருந்தாலும் நாள் முழுக்க நடப்போம்.

வீட்டில் இதைப் பார்க்க ஒரு எளிய வழி உண்டு. படுக்கையில் கால் நீட்டிக் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். மனைவியோ பிள்ளையோ உங்கள் பெருவிரல், நடுவிரல், சின்னவிரல் நுனிகளைச் சுட்டுவிரல் நுனியால் ஒன்று இரண்டு செக்கன் மெதுவாகத் தொடவேண்டும், அமத்தவோ தட்டவோ கூடாது, ஒரு விரலை ஒரு தரம்தான். இரண்டு காலிலும் சேர்த்து ஆறு இடம். எந்தக் கால் என்று நீங்கள் சொல்லவேண்டும். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால் உங்கள் காலில் உணர்வு குறைந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு கிளினிக்கில் சொல்லுங்கள், அங்கே ஒரு நைலோன் நூலால் அழுத்திப் பார்ப்பார்கள். பெரியப்பாவுக்கு நாங்கள் இதைச் செய்தபோது ஆறில் நாலு தெரியவில்லை. தொட்டுவிட்டோம் என்று பெரியம்மா சொல்ல, "இல்லை, நீ தொடேல்லை" என்று அவர் சண்டைக்கு வந்தார்.

மரக்கறிக்காரருக்கு ஒரு விஷயம். பல வருடமாக மெட்போர்மின் எடுக்கிறவர்களுக்கு விற்றமின் பி12 குறையலாம், மச்சம் மாமிசம் தொடாத வீடுகளில் அது இன்னும் சுலபமாகக் குறையும். பி12 குறைந்தாலும் கால் விறைக்கும், ஆனால் அந்த விறைப்புக்கு மருந்து உண்டு. எல்லாவற்றையும் சலரோகத்தின் தலையில் போடாமல் அந்த இரத்தப் பரிசோதனையையும் ஒருதரம் கேளுங்கள்.

"நடக்கேக்க கெண்டைக்கால் பிடிக்குது, நிண்டு ஒரு சுருட்டுப் பத்தினா விடுது. அப்ப சுருட்டு நல்லதுதானே?"

இதைக் கேட்டவர் பெரியப்பாவேதான், அதனால் சிரிக்காமல் பதில் சொல்கிறேன். பின்னேரத்தில் சந்திக்குப் போகும்போது 200 மீற்றர் தாண்டினால் இடது கெண்டைக்கால் இறுகிப் பிடிக்கும். வழியில் ஒரு மதகு இருக்கிறது. அதில் குந்தி ஒரு சுருட்டைப் பத்தவைப்பார், பாதி முடியமுன் நோ விட்டுவிடும். இரண்டு வருடமாக இதையே செய்து "சுருட்டுப் பத்தினாத்தான் கால் இளகுது" என்று நம்பிவிட்டார்.

நோவை விடுவித்தது அந்தக் குந்தல்தான். நடக்கும்போது தசைக்கு அதிக இரத்தம் வேண்டும், குழாய் அடைத்திருந்தால் வேண்டிய அளவு வராது, தசை வலிக்கும். நின்றால் தேவை குறையும், இரண்டு மூன்று நிமிடத்தில் நோ போகும். சுருட்டு அந்த நேரத்தில் குழாயை மேலும் இறுக்கிக்கொண்டுதான் இருந்தது. ஒவ்வொரு தரமும் ஏறத்தாழ அதே தூரத்தில் பிடித்து, நின்றால் விட்டுவிடுகிற கெண்டைக்கால் நோ என்றால் அது காலின் நாடியில் அடைப்பு என்று முதலில் சந்தேகப்படவேண்டும், வாயுப் பிடிப்பு என்று எண்ணெய் பூசிக்கொண்டிருக்கக்கூடாது. ஒரு கெட்ட செய்தியும் உண்டு: நரம்பும் கெட்டவர்களுக்கு இந்த நோகூட வராமல் போகலாம். பெரியப்பாவுக்கு வந்தது, வந்தும் அதை நாங்கள் வீணாக்கிவிட்டோம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். புகை பெரும்பாலும் இடுப்பிலும் தொடையிலும் ஓடுகிற பெரிய நாடிகளை அடைக்கும், சலரோகம் முழங்காலுக்குக் கீழே உள்ள சிறிய நாடிகளை அடைக்கும். இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால் மேலேயும் கீழேயும் அடைப்பு. வாய்க்காலின் மதகையும் அடைத்து, பாத்திக்குள் போகிற வாயையும் அடைத்தால் தண்ணீர் எங்கே போகும்? தோட்டக்காரனுக்கு இதை விளக்கத் தேவையில்லை, பெரியப்பாவுக்கு இதைச் சொன்னபோதுதான் அவர் முதன்முறையாக ஒன்றும் பேசாமல் கேட்டார்.

"சின்னக் காயம்தானே, எப்பிடிக் கால் எடுக்கிற அளவுக்குப் போகும்?"

பெரியப்பாவின் காயத்தை நாள் நாளாகச் சொல்கிறேன்.

புதுச் செருப்பு. வார் இடது சின்னவிரலில் உரசியிருக்கிறது. அவருக்குத் தெரியாது. மூன்றாம் நாள் பெரியம்மா நிலத்தைக் கூட்டும்போது சீமெந்துத் தரையில் ஈரமான சின்னச் சின்ன அடையாளங்களைக் கண்டு, யாரோ கால் கழுவிவிட்டு வந்திருக்கிறார்கள் என்று நினைத்திருக்கிறார். ஐந்தாம் நாள்தான் அது விரலிலிருந்து வருகிற நீர் என்று தெரிந்தது. மஞ்சளும் தேங்காயெண்ணெயும் பூசினார்கள். நோகவில்லை, அதனால் அவசரமும் தெரியவில்லை. பன்னிரண்டாம் நாள் எனக்குப் போன் வந்தது.

நான் பார்த்தபோது காயம் ஒரு பட்டாணி அளவு. அளவு என்னைப் பயப்படுத்தவில்லை, நிறம்தான் பயப்படுத்தியது. நல்ல காயத்தின் அடி மாதுளை முத்துப்போல் சிவந்து, துடைத்தால் துளி இரத்தம் வரும். இது வெளிறிய மஞ்சள், துடைத்தும் இரத்தம் வரவில்லை. விரல் குளிர்ந்திருந்தது. முன்கால் தோல் மயிரில்லாமல் மினுமினுத்தது. காலை உயர்த்திப் பிடித்தால் பாதம் வெளுத்தது, தொங்கவிட்டதும் கொஞ்ச நேரத்தில் செந்நீலமாகியது. பாதத்தின் மேற்புறத்தில் இருக்கிற நாடியை விரலால் தேடினேன், பிடிபடவில்லை.

ஆஸ்பத்திரியில் கையிலும் கணுக்காலிலும் பிரஷர் எடுத்து, கணுக்கால் பிரஷரைக் கைப் பிரஷரால் பிரித்துப் பார்த்தார்கள். 0.9க்குக் கீழே வந்தால் அடைப்பு. பெரியப்பாவுக்கு 1.4க்கு மேலே வந்தது. பக்கத்தில் நின்ற மச்சான், ஒன்றைவிடக் கூட இருக்கிறதே, நல்லதுதானே என்றார். நல்லதல்ல. நீண்ட காலச் சலரோகத்தில் நாடியின் சுவரில் கல்சியம் படிந்து குழாய் இறுகிவிடும், பட்டி அமத்தினாலும் அமராது, அதனால் இலக்கம் பொய்யாக ஏறும். சலரோகக்காரருக்கு இந்தச் சோதனை நன்றாக வந்துவிட்டது என்று மட்டும் நம்பி வீட்டுக்குப் போகக்கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். அடுத்து டொப்ளர் வைத்துச் சத்தம் கேட்டார்கள். நல்ல நாடியில் ஒரு துடிப்புக்குள் இரண்டு மூன்று தட்டு கேட்கும், இவருடையதில் காற்று ஒழுகுகிற சைக்கிள் ரியூப்பைப்போல ஒரே ஒரு இழுத்த சத்தம். அதன்பிறகு ஸ்கான் எடுத்ததில் தொடையிலும் முழங்காலுக்குக் கீழேயும் அடைப்பு.

தொடையில் இருந்ததை பலூன் வைத்து விரித்தார்கள். சின்னவிரல் போய்விட்டது, கால் தப்பியது. காயம் முழுதாக மூட 14 கிழமை எடுத்தது. பலூன் வைப்பதற்கு முதல் மூன்று கிழமை நாங்கள் எவ்வளவு சுத்தமாக மருந்து கட்டியும் ஒரு மில்லிமீற்றர்கூட மூடவில்லை. இரத்தம் வராத காயத்துக்கு எந்த மருந்தைக் கட்டினாலும் வேலை செய்யாது, அன்டிபயோட்டிக் குளிசையும் இரத்தத்தில் ஏறித்தான் காயத்துக்குப் போகவேண்டும். விரித்த குழாய் திரும்ப அடைக்காமல் இருக்கவேண்டுமென்றால் புகை நிற்கவேண்டும், அதை அவருக்கு அன்றே சொல்லிவிட்டார்கள்.

காலில் நாடி அடைத்தவருக்கு நெஞ்சின் நாடியும் சுத்தமாக இருக்காது என்றே எடுத்துக்கொள்ளவேண்டும். அவருக்கு அப்போதே கொழுப்புக் குளிசையும் அஸ்பிரினும் தொடங்கினார்கள்.

"கிரியேற்றினின் நோர்மல். சிறுநீரகத்துக்கு ஒண்டுமில்லையாம். அப்ப புகை சிறுநீரகத்தைத் தொடேல்லைத்தானே?"

கிரியேற்றினின் என்பது சிறுநீரகம் வெளியேற்றுகிற ஒரு கழிவு, இரத்தத்தில் அது கடைசியில் ஏறுகிற இலக்கம். அதற்குப் பல வருடம் முன்னாலேயே வடி ஓட்டையாகியிருக்கும். சிறுநீரகத்துக்குள் இலட்சக்கணக்கான நுண்ணிய வடிகள் இருக்கின்றன, சலரோகம் அவற்றின் உள்ளே அழுத்தத்தை ஏற்றுகிறது, புகை பிரஷரையும் ஏற்றி அந்தக் குழாய்களின் உட்சுவரையும் புண்ணாக்குகிறது. ஓட்டை பெரிதாகும்போது இரத்தத்தில் இருக்கவேண்டிய அல்புமின் என்ற புரதம் சிறுநீரில் ஒழுகத் தொடங்கும். ஆரம்பத்தில் நுரையும் வராது, வீக்கமும் வராது, ஆளுக்கு ஒன்றும் தெரியாது.

அதைப் பிடிக்கிற பரிசோதனை காலைச் சிறுநீரில் அல்புமினுக்கும் கிரியேற்றினினுக்கும் உள்ள விகிதம். ஒரு கிராம் கிரியேற்றினினுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் நல்லது, 30 முதல் 300 வரை என்றால் ஒழுகத் தொடங்கிவிட்டது. காய்ச்சல், சிறுநீர்க் கடுப்பு, முதல் நாள் கடும் வேலை இருந்தாலும் கூடக் காட்டும், அதனால் ஒரு தரம் கூடிவிட்டது என்று பயப்படாமல் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் திரும்ப எடுத்துப் பார்ப்பார்கள், மூன்றில் இரண்டு தரம் கூடினால்தான் உறுதி. வருடத்துக்கு ஒரு தரம் இதை எடுக்கவேண்டும், உங்கள் கிளினிக் கொப்பியைப் புரட்டிப் பாருங்கள், கடைசியாக எப்போது எழுதியிருக்கிறது?

பெரியப்பாவுக்குக் கிரியேற்றினின் நன்றாகத்தான் இருந்தது, விகிதம் 142. பிரஷரையும் இந்த ஒழுக்கையும் குறைக்கிற லோசாட்டன் குளிசை தொடங்கினார்கள், சுருட்டும் நின்றிருந்தது. ஒரு வருடத்துக்குப் பிறகு 60க்கு வந்தது. எதனால் எவ்வளவு குறைந்தது என்று என்னால் பிரித்துச் சொல்லமுடியாது, ஆனால் பத்திக்கொண்டே அந்தக் குளிசையைப் போடுகிறவர்களுக்கு அது குறைந்த பலன்தான் தருகிறது என்பதை நான் கொப்பிகளில் பார்த்திருக்கிறேன்.

"சுருட்டை நான் உள்ளுக்கு இழுக்கிறேல்லை. வெத்திலையோட புகையிலை போடுறவைக்குப் புகையே இல்லையே?"

சுருட்டுப் புகை சிகரெட் புகையைப்போல் அல்ல, அதில் காரத்தன்மை அதிகம், அதனால் நிக்கோட்டின் வாயின் உட்தோலாலேயே ஏறிவிடும், நெஞ்சுக்குள் இழுக்கத் தேவையில்லை. வெற்றிலையோடு போடும்போது சுண்ணாம்பு அதே வேலையைச் செய்கிறது. வெற்றிலைக்காரருக்குக் காபனோரொட்சைட்டு இல்லை என்பது உண்மைதான், அந்த அளவுக்குக் கால் நாடிக்குக் கொஞ்சம் குறைந்த தீங்கு, ஆனால் நிக்கோட்டின் சீனியை ஏற்றுகிறது அப்படியே இருக்கும், பாக்கும் சீனிக்கு நல்லதல்ல, வாய்ப் புற்றுநோய் தனிக் கதை. "சிகரெட்டை விட்டிட்டன், வெத்திலைதான்" என்று வருகிறவர்களை நான் பாராட்டுவதில்லை.

தோட்டக்காரருக்கு ஒன்று: பனி ஈரத்தோடு புகையிலை முறித்தால் தோலாலும் நிக்கோட்டின் ஏறி, வாந்தியும் தலைச்சுற்றும் வியர்வையும் வரலாம். சீனி இறங்கினாலும் இதே மாதிரித்தான் இருக்கும். ஊகிக்காமல் மீற்றரில் குத்திப் பாருங்கள்.

"நல்லூர்த் திருவிழாவுக்கு வெறுங்காலோட போகாமல் இருக்கேலாதே?"

போகவேண்டாம் என்று சொல்ல எனக்கும் வாய் வராது, நானும் போகிறவள். ஆனால் 25 நாள் திருவிழா முடிகிற கிழமைகளில் உள்ளங்காலில் கொப்புளத்தோடு வருகிறவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன், அநேகர் "சூடே தெரியேல்லை" என்பார்கள். மதிய வெயிலில் தார் வீதியும் மணலும் கொதிக்கும், உணர்வு குறைந்த கால் அதை அறியாது, புகைக்கிறவருக்கு அந்தக் கொப்புளம் ஆறவும் மாட்டாது.

விடியற் பூசைக்கோ பின்னேரத் திருவிழாவுக்கோ போங்கள், மதியத்தில் வேண்டாம். தடிப்பான பருத்திக் காலுறை போட்டுப் போகலாம், முருகன் கோபிக்கமாட்டார். வீட்டுக்கு வந்ததும் காலைக் கழுவி, விரலிடுக்கை ஈரமில்லாமல் துடைத்து, உள்ளங்காலை ஒரு கண்ணாடியில் பாருங்கள், குனிய முடியாவிட்டால் பேரப்பிள்ளையின் போனில் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். களைப்பு நீங்க வெந்நீரில் கால் வைக்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள், அதிலும் வெந்துவிட்டு வருகிறார்கள்.

"விட்டாப்போல சீனி ஏறிட்டுது, நிறையும் ஏறிட்டுது. அப்ப பத்திக்கொண்டிருந்ததே நல்லமோ?"

பெரியப்பா ஆஸ்பத்திரிக் கட்டிலில் விட்டவர் விட்டதுதான். நாலு மாதத்தில் நாலு கிலோ கூடி, 6.9ஆக இருந்த எச்பிஏ1சி 7.4 ஆனது. வீட்டில் எல்லோருக்கும் முகம் வாடிவிட்டது.

இது நடக்கும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் அவ்வளவு பயந்திருக்கமாட்டோம். நிக்கோட்டின் பசியைக் குறைத்து வைத்திருக்கும், நின்றால் பசி வரும், முதல் வருடத்தில் சராசரியாக நாலு ஐந்து கிலோ ஏறுவது வழக்கம். இங்கிலாந்தில் சலரோகம் உள்ள பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட புகைப்பவர்களின் பதிவுகளைப் பார்த்து 2015இல் வெளியான ஆய்வில், விட்டவர்களுக்கு எச்பிஏ1சி சராசரியாக 0.2 அளவில் ஏறி, மூன்று வருடத்தில் விடாதவர்களின் அளவுக்கே திரும்பிவிட்டது. அதாவது ஏற்றம் சிறியது, தற்காலிகமானது. கால் நாடிக்கும் நெஞ்சுக்கும் சிறுநீரகத்துக்கும் கிடைக்கிற இலாபம் இதைவிடப் பல மடங்கு.

பெரியப்பாவுக்கு ஏன் 0.5 ஏறியது என்று தேடினேன். சுருட்டுக்குப் பதிலாக நாலு நேரமும் பிளேன்ரீ, ஒவ்வொன்றோடும் ஒரு கடி பனங்கட்டி. பனங்கட்டி சீனி இல்லை என்று அவருக்கு உறுதியான நம்பிக்கை. இரத்தத்துக்கு அது சீனிதான். பனங்கட்டியை நிறுத்தி, கச்சானில் ஒரு கைப்பிடி, வெள்ளரிப் பிஞ்சு, கராம்பு ஒன்று வாயில் என்று மாற்றினோம், டொக்டர் மெட்போர்மினைக் கொஞ்சம் கூட்டினார். அடுத்த ரிப்போட்டில் 7.0.

இன்சுலின் போடுகிறவர்களுக்கு மறுபக்கமும் உண்டு. விட்டு இரண்டு மாதமளவில் இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்கும், பழைய அளவையே போட்டால் சீனி இறங்கிவிடலாம். விடுகிற நாளை டொக்டரிடம் முன்பே சொல்லி, முதல் இரண்டு மூன்று மாதம் வழக்கத்தைவிட அடிக்கடி குத்திப் பாருங்கள். முதல் கிழமையில் கை நடுங்கி, எரிச்சல் வந்து, பசித்தால் அது நிக்கோட்டின் கேட்கிற நடுக்கமா சீனி இறங்கின நடுக்கமா என்று ஆளுக்கே தெரியாது. மீற்றர் சொல்லும். 70க்குக் கீழே என்றால் மட்டும் இனிப்பு.

"மனசு வைச்சும் விடேலாமல் கிடக்கு. உதவ என்ன இருக்கு?"

காலை எழும்பி அரை மணிக்குள் முதல் சுருட்டோ சிகரெட்டோ வேண்டுமென்றால் உங்கள் உடம்பு நிக்கோட்டினுக்கு நன்றாகப் பழகிவிட்டது, மனசு மட்டும் போதாது, மருந்தும் வேண்டும். நிக்கோட்டின் ஒட்டு, நிக்கோட்டின் சுவிங்கம் இரண்டும் உண்டு. அதிலும் நிக்கோட்டின்தானே என்று கேட்பீர்கள், சரி, ஆனால் காபனோரொட்சைட்டும் தாரும் இல்லை, மெதுவாக ஏறும், மூன்று மாதமளவில் நிறுத்திவிடலாம். நாலு மில்லிகிராம் சுவிங்கம் இப்படி அரை மணிக்குள் பத்துகிறவர்களுக்குத்தான். அதை இடியப்பம் மெல்வதுபோல் மெல்லக்கூடாது, உறைப்புத் தெரியும்வரை மெதுவாக மென்று கன்னத்தில் ஒதுக்கி வைக்கவேண்டும், குறைந்தபின் திரும்ப மெல்லவேண்டும். தேத்தண்ணி குடித்து 15 நிமிடம் கழியாமல் போட்டால் ஏறாது, பலருக்கு "வேலை செய்யேல்லை" என்பதன் காரணம் இதுதான். வரெனிக்கிளின் என்றொரு குளிசையும் இருக்கிறது, அது சிறுநீரகத்தால் வெளியேறுகிற மருந்து, சிறுநீரகம் நன்றாகக் குறைந்தவர்களுக்கு அளவைப் பாதியாக்கவேண்டும், அதனால் டொக்டர் இல்லாமல் வாங்காதீர்கள்.

பெரியப்பாவுக்கு இவை ஒன்றும் தேவைப்படவில்லை. அந்த மதகுதான் கஷ்டமாயிருந்தது. இரண்டு மாதம் வேறு ஒழுங்கையால் சந்திக்குப் போனார்.

"இவ்வளவு காலம் பத்தினபிறகு விட்டு என்ன பிரயோசனம்? எது திரும்பும், எது திரும்பாது?"

காபனோரொட்சைட்டு ஒன்றிரண்டு நாளில் இரத்தத்தை விட்டுப் போய்விடும், அதனால் காயம் உள்ளவருக்கு இன்றைக்கு விட்டாலும் பலன் உண்டு. இரத்த ஓட்டம் சில கிழமைகளில் திருந்தத் தொடங்கும். அடைத்த நாடி தானாகத் திறக்காது, ஆனால் அடைப்பு வளர்கிற வேகம் குறையும், நின்று நின்று நடந்தால் பக்கக் குழாய்களும் உதவிக்கு வரும்: நோகும்வரை நடந்து, நின்று, நோ விட்டதும் திரும்ப நடப்பது, ஒரு நாளைக்கு அரை மணி. காலில் திறந்த காயம் இருக்கும்போது இதைச் செய்யக்கூடாது. பெரியப்பா இப்போது 600 மீற்றர்வரை நிற்காமல் போகிறார். போன உணர்வு திரும்பவில்லை, ஆறில் நாலு இன்னும் தெரியாதுதான். அதனால் அவர் ஒவ்வொரு இரவும் படுக்கமுன் பெரியம்மாவிடம் காலை நீட்டுகிறார், செருப்புக்குள் கை விட்டுத் தடவாமல் போடுவதில்லை.

"எப்ப கிளினிக் திகதி வரைக்கும் பொறுக்கக்கூடாது?"

விரல் நீலமாகவோ கறுப்பாகவோ மாறினால், கால் திடீரென்று குளிர்ந்து வெளுத்தால், காயத்தைச் சுற்றிச் சிவந்து சூடாகி வீங்கினால், மணம் வந்தால், காய்ச்சலோடு காயம் இருந்தால் அன்றைக்கே போங்கள், இரவென்றாலும். சாதாரணக் கொப்புளம், உரசல், வெடிப்பு என்றால் ஓரிரு நாளுக்குள் காட்டுங்கள், நோகவில்லை என்பது பொறுப்பதற்குக் காரணமல்ல. காய்ப்பையும் ஆணியையும் பிளேட்டால் வெட்டாதீர்கள், ஆணி மருந்தும் பூசாதீர்கள். கிளினிக்கில் முறை வந்து உட்காரும்போது யாரும் கேட்காவிட்டாலும் இரண்டு செருப்பையும் கழற்றிவிட்டு உட்காருங்கள், எத்தனை பத்துகிறீர்கள் என்று கேட்டால் உள்ளபடி எண்ணிக்கையைச் சொல்லுங்கள். பெரியப்பாவின் கொப்பியில் 11 வருடமாக "புகைப்பதில்லை" என்று எழுதியிருந்தது. முதல் நாள் அவர் அப்படித்தான் சொல்லியிருந்தார்.